பழகிய கிளையன்ட்டிடம் அடுத்த பேக்கேஜை எப்படிச் சொல்வது?

கேள்வி: ஈரோட்டில் சின்னதாக ஒரு கணக்கு அலுவலகம் நடத்துகிறேன். ஒரு எலக்ட்ரிக்கல் மொத்தக் கடைக்கு மூன்று வருடமாக ஜிஎஸ்டி வேலை பார்க்கிறோம். மாதம் 2,500 ரூபாய்க்கு ஜிஎஸ்டிஆர்-1, 3பி தாக்கல் மட்டும் என்றுதான் பேச்சு. அப்போது மாதம் நாற்பது, ஐம்பது கொள்முதல் பில் இருந்தது. இப்போது நூற்றி அறுபது. கடைப் பையன் டேலியில் ஏற்றியது போக, பாதி பில் வாட்ஸ்அப்பில் போட்டோவாக வருகிறது; நாங்களே ஏற்றிக்கொள்கிறோம். இந்த வருடம் டிசம்பர் வரை வியாபாரம் 3.7 கோடி. எங்களிடம் 6,000 ரூபாய் பேக்கேஜ் ஒன்று இருக்கிறது: பில் பதிவு, 2பி சரிபார்ப்பு, மாத லாப நஷ்டக் கணக்கு, எல்லாம் சேர்த்து. அவருக்கு அதுதான் சரியாக இருக்கும். ஆனால் அண்ணா என்று கூப்பிட்டுப் பழகியவரிடம் போய்க் காசைப் பேசினால், நெருக்குகிற மாதிரி ஆகிவிடுமோ என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறேன். எப்படிப் பேசுவது?

பதில்: எப்படிப் பேசுவது என்பதற்கு முன்னால், அவருக்கு அது உண்மையிலேயே தேவையா என்பதை அவருடைய கணக்கை வைத்தே முடிவு செய்துகொள்ளுங்கள். நமக்கு வேலை கூடிவிட்டது, அதனால் அவர் பெரிய பேக்கேஜுக்கு வர வேண்டும் என்று போனால், எவ்வளவு பணிவாகச் சொன்னாலும் அது நெருக்கடியாகத்தான் கேட்கும். காரணம் அவருடையதாக இருந்தால் நேரடியாகவே சொல்லலாம், தப்பாகத் தெரியாது. உங்கள் கடிதத்தில் இருப்பது பெரும்பாலும் உங்கள் பக்கத்துக் காரணம். அவர் பக்கத்துக் காரணத்தை இனிமேல்தான் தேடி எடுக்க வேண்டும்.

அது கிடைக்கிற இடம் 2பி, அதாவது சப்ளையர்கள் ஏற்றிய பில்களை வைத்து, அவர் கழித்துக்கொள்ளக்கூடிய கொள்முதல் வரியை, கிரெடிட்டை, மாதாமாதம் ஜிஎஸ்டி போர்ட்டல் காட்டுகிற பட்டியல். ஜூலை முதல் டிசம்பர் வரை ஆறு மாதத்து 2பி-யை போர்ட்டலிலிருந்து எக்செல்லாக இறக்கி, டேலியின் கொள்முதல் பதிவோடு ஒப்பிடுங்கள். சப்ளையரின் ஜிஎஸ்டி எண், பில் எண், வரித் தொகை ஆகிய மூன்றும் பொருந்தினால் போதும். பில் தேதியையும் சேர்த்துப் பொருத்தப் போனால், ஒரு நாள் முன்பின் இருப்பதெல்லாம் வித்தியாசமாக வந்து நிற்கும். பில் எண்ணில் முன்னால் வரும் சைபர், சாய்கோடு, கடைசியில் வரும் வருடம் போன்றவற்றை நீக்கிவிட்டு ஒப்பிட்டால் பொய் வித்தியாசங்கள் பெருமளவு காணாமல் போகும். இதற்கு உங்களுக்கு ஒரு மதியம் போதும்.

பொருந்தாமல் நிற்கிற பில்களை அப்படியே கூட்டி ஒரு தொகையாக்கி அவரிடம் காட்டிவிடாதீர்கள். இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். போன வருட மிச்சத்தையும் சேர்த்து உங்களுக்கு 31 பில், 1,26,000 ரூபாய் வரி என்று வருவதாக வைத்துக்கொள்வோம். "அண்ணா, உங்களுக்கு ஒண்ணேகால் லட்சம் போயிருச்சு" என்று சொன்னால் அவர் பதறிப்போய் சப்ளையர்களுக்கு போன் போடுவார். அவர்களில் பாதிப்பேர் "நாங்க போன மாசமே ஏத்திட்டோமே" என்பார்கள். அதோடு உங்கள் பேச்சின் மதிப்பு போய்விடும். ஆகவே அந்த 31 பில்லை மூன்றாகப் பிரியுங்கள்.

முதல் பங்கு, தாமதமாக வந்தவை. சப்ளையர் சிறியவராக இருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாக்கல் செய்கிறவர் என்றால், அவருடைய அக்டோபர் பில், அவர் இடையில் மாதாமாதம் பில் ஏற்ற இருக்கிற ஐஎஃப்எஃப் வசதி வழியாக ஏற்றாத பட்சத்தில், ஜனவரி 14 அன்று வரும் 2பி-யில்தான் தெரியும். இதில் யார் மேலும் குற்றமில்லை, முறையே அப்படித்தான். வந்த மாதத்தில் அந்தக் கிரெடிட் 3பி-யில் தானாகவே சேர்ந்தும் இருக்கும். இப்படி 22 பில், 83,000 ரூபாய் என்று வைப்போம். பணம் இரண்டு மாதம் முடங்கியது உண்மை. ஆனால் போகவில்லை.

இரண்டாம் பங்கு, இன்னும் வராதவை. சப்ளையர் ஜிஎஸ்டி எண்ணைத் தவறாக அடித்திருப்பார், அல்லது எண்ணே போடாமல் சில்லறை விற்பனையாகக் காட்டியிருப்பார், அல்லது தாக்கலே செய்யாமல் இருப்பார். முதல் இரண்டு வகையை ஒரு போனில் திருத்த வைக்கலாம். மூன்றாவது வகைக்குப் பணத்தைப் பிடித்து வைப்பதைத் தவிர வழியே இல்லை. இதில் 7 பில், 34,000 ரூபாய். நடப்பு நிதியாண்டுப் பில் என்பதால் கிரெடிட் எடுக்க வருகிற நவம்பர் 30 வரை நேரம் இருக்கிறது.

மூன்றாம் பங்கு, போன நிதியாண்டுப் பில்களில் சென்ற நவம்பர் 30 தாண்டியும் வராமல் நின்றுபோனவை. இதற்குப் போன வருட மிச்சத்தையும் ஒருமுறை பார்க்க வேண்டும். 2 பில், 9,000 ரூபாய். உண்மையான நட்டம் இது ஒன்றுதான். வருடாந்தர வரவு செலவோடு பார்த்தால் சின்னத் தொகை. சின்னத் தொகையாகவே சொல்லுங்கள்.

இப்போது உங்கள் கையில் இருக்கிற காரணம்: ஏழு பில்லுக்கு 34,000 ரூபாய் தொங்கிக்கொண்டிருக்கிறது, அந்த ஏழு சப்ளையருக்கும் அவர் வரியோடு சேர்த்து முழுப்பணம் கொடுத்துவிட்டார், அல்லது கொடுக்கப் போகிறார். அடுத்து நீங்கள் கண்டுபிடிக்க வேண்டியது, அவர் எத்தனை நாள் கடனில் வாங்குகிறார் என்பது. பெரிய பேக்கேஜின் பயன் முழுவதும் இதில்தான் இருக்கிறது. மாதத்தின் 14-ஆம் தேதி 2பி வருகிறது; ஒப்பிட்டு, "இந்த சப்ளையர்களின் இந்த பில்கள் இன்னும் ஏறவில்லை" என்று ஒரு பட்டியலை 16-ஆம் தேதி அவர் மேசையில் வைக்க உங்களால் முடியும். 45 நாள் கடனில் வாங்குகிறவர் என்றால், டிசம்பர் முதல் வாரத்து பில்லுக்கே ஜனவரி 16 வாக்கிலோ அதற்குப் பிறகோதான் செக் போடுவார். பட்டியலைப் பார்த்துவிட்டு, வரித் தொகையை மட்டும் நிறுத்தி மீதியைக் கொடுக்கலாம். சப்ளையர் மறுவாரமே திருத்துவார். 30 நாள் கடன் என்றால் மாதத்தின் பின்பாதிப் பில்களுக்கு மட்டும்தான் இது உதவும். உடனடிப் பணம் கொடுத்து வாங்குகிறவர் என்றால் பட்டியல் வெறும் வருத்தத்தைத்தான் கொடுக்கும். அவருக்கு இந்த பேக்கேஜைச் சொல்லாமல் இருப்பதே நேர்மை. உங்கள் கிளையன்ட் இந்த மூன்றில் எது என்று டேலியின் சப்ளையர் கணக்கைத் திறந்தால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இ-இன்வாய்ஸ் விஷயம் தனி. அதை பேக்கேஜோடு கலக்காதீர்கள். டிசம்பர் வரை 3.7 கோடி என்றால் இதே வேகத்தில் மார்ச்சில் 4.9 கோடி ஆகும். எலக்ட்ரிக்கல் கடையில் பிப்ரவரி, மார்ச் என்பது ஃபேன் விற்கிற மாதம், ஆகவே ஐந்து கோடியைத் தாண்ட நிறைய வாய்ப்பு இருக்கிறது. தாண்டினால் ஏப்ரல் 1 முதல், ஜிஎஸ்டி எண் உள்ளவர்களுக்குப் போடுகிற ஒவ்வொரு பில்லும், போர்ட்டலில் பதிந்து ஐஆர்என் என்கிற எண் வாங்கிய இ-இன்வாய்ஸாக இருக்க வேண்டும். ஐஆர்என் எண் இல்லாத பில் செல்லாத பில். அதை வைத்து அவரிடம் வாங்குகிற கடைக்காரர் கிரெடிட் எடுப்பது சிக்கலாகும், அடுத்த ஆர்டருக்கு யோசிப்பார். பில் போடுகிறபோது பொருளின் வகையைக் காட்டுகிற ஹெச்எஸ்என் குறியீடும் ஆறு இலக்கமாக மாற வேண்டும். இந்த வருடத்துக்கு, வருடாந்தர ரிட்டர்னான 9-ஓடு 9சி என்கிற ஒப்பீட்டு அறிக்கையும் சேர்ந்துகொள்ளும். மார்ச் 28-ஆம் தேதி ஐந்து கோடி தாண்டினால் நான்கு நாளில் இவ்வளவையும் செய்ய முடியாது.

அந்த 3.7 கோடி வரி சேர்க்காத தொகைதானா என்பதையும் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். கடைக்காரர்கள் வாயால் சொல்கிற வியாபாரம் பெரும்பாலும் ஜிஎஸ்டி சேர்த்த தொகையாக இருக்கும். 18 சதவீதப் பொருள் என்றால், வரியோடு ஐந்து கோடி என்பது வரியில்லாமல் 4.24 கோடிதான். மாறாக, அதே பான் எண்ணில் வேறு கிளையோ வேறு தொழிலோ இருந்தால் அதுவும் கூட்டலில் வரும்.

இதையெல்லாம் அவரிடம் சொல்ல வேண்டியது இப்போதைய 2,500 ரூபாய்க்குள் இருக்கிற கடமை. பேக்கேஜ் எடுத்தால்தான் சொல்வேன் என்கிற மாதிரி வைத்துக்கொண்டால், அதுவே நெருக்குவது. "வரப்போகுது, மார்ச் முதல் வாரத்துக்குள்ள உங்க பில் சாஃப்ட்வேர்காரரைக் கூப்பிட்டு ரெடி பண்ணச் சொல்லுங்க" என்று ஒரு செய்தியை இந்த வாரமே அனுப்பிவிடுங்கள். அதில் விலை எதுவும் வேண்டாம். பேக்கேஜ் பேச்சை அதற்கு இரண்டு வாரமாவது கழித்து வைத்துக்கொள்ளுங்கள். நோட்டீஸ் வரும், அபராதம் வரும் என்று பயமுறுத்தி விற்பது இந்தத் தொழிலில் சுலபமான வழி. ஒரு தடவை வேலை செய்யும். அதற்குப் பிறகு நீங்கள் எதைச் சொன்னாலும் "இதுக்கு எவ்வளவு ஆகும்?" என்றுதான் கேட்பார்.

உங்கள் 6,000 ரூபாய் பேக்கேஜில் மாத லாப நஷ்டக் கணக்கு இருக்கிறது என்கிறீர்கள். இவருக்கு அதை எடுத்துவிடுங்கள். ஒயரும் ஸ்விட்சும் பைப்பும் ஃபேனும் அடுக்கியிருக்கிற மொத்தக் கடையில் மாதாமாதம் சரக்கு எண்ணுவது நடக்காது. கடைசி இருப்பு தெரியாமல் மொத்த லாபம் தெரியாது. போன வருட சதவீதத்தைப் போட்டு ஒரு தாளைக் கொடுத்தால், அவர் கல்லாவில் பார்க்கிற பணத்துக்கும் அந்தத் தாளுக்கும் சம்பந்தமே இருக்காது. மூன்றாவது மாதம் அதைப் பிரித்தே பார்க்க மாட்டார், "இதுக்கா மூவாயிரத்து ஐநூறு?" என்ற நினைப்பு அங்கே தொடங்கும். அதற்குப் பதிலாக, யாரிடமிருந்து எவ்வளவு வர வேண்டும், எத்தனை நாளாக நிற்கிறது என்கிற பாக்கிப் பட்டியலைக் கொடுங்கள். முப்பது நாள், அறுபது, தொண்ணூறு, அதற்கு மேல் என்று நான்கு கட்டம் போதும். விற்பனை ஏற்கெனவே டேலியில் இருப்பதால், வரவுகளும் ஒழுங்காகப் பதிவாகியிருந்தால், அரை மணி நேர வேலை. மொத்தக் கடைக்காரர் தினமும் கேட்டுக்கொண்டிருக்கிற கேள்வி அதுதான்.

ஆக, அவருக்கான பேக்கேஜ் நான்கே வேலை: கொள்முதல் பில் அத்தனையும் நாங்களே பதிவோம், 16-ஆம் தேதி 2பி பட்டியல் தருவோம், நாங்களே சப்ளையர்களைக் கூப்பிட்டுத் திருத்தச் சொல்வோம், 25-ஆம் தேதி பாக்கிப் பட்டியல் தருவோம். வருடாந்தர 9, 9சி இதில் இல்லை என்பதையும் அங்கேயே எழுதிவிடுங்கள். சேர்ந்தது என்று அவர் நினைத்துக்கொண்டிருக்க, டிசம்பரில் தனி பில் போனால் அதுவரை சம்பாதித்த நம்பிக்கை போய்விடும்.

விலையை ஒருமுறை உங்களுக்கே நியாயப்படுத்திப் பாருங்கள். 160 பில், ஒன்றுக்கு இரண்டு நிமிடம் என்றால் ஐந்தரை மணி நேரம். ஒப்பிட இரண்டரை, போன் பேச ஒன்று. ஆக ஒன்பது மணி நேரம். பாக்கிப் பட்டியலை நீங்கள் சரிபார்க்கிற நேரத்தில் வைத்துக்கொள்ளலாம். உதவியாளருக்கு மாதம் 15,000 சம்பளம் என்றால் மணிக்கு எழுபது ரூபாய்க்கு மேல் வரும். வாடகை, கரண்ட், சாஃப்ட்வேர் சேர்த்தால் நூற்றைம்பது என்று போடலாம். அது 1,350. நீங்கள் உட்கார்ந்து சரிபார்க்கிற இரண்டு மணி நேரத்துக்கு ஆயிரம். கூடுதல் செலவு 2,350 ஆகிறது. நீங்கள் கூடுதலாகக் கேட்பது 3,500. நியாயமான விலை, கூச்சப்பட எதுவும் இல்லை. இந்தக் கணக்கை நீங்கள் அவருக்குக் காட்டத் தேவையில்லை. ஆனால் 5,000-க்குக் கீழே இறங்கினால் செலவு போகக் கிட்டத்தட்ட ஒன்றும் மிஞ்சாது என்பது பேரம் வரும்போது உங்கள் நினைவில் இருக்க வேண்டும். உங்கள் அலுவலகத்துக்கு ஜிஎஸ்டி பதிவு இருந்தால் 6,000 என்பது வரி போகவா, வரியோடா என்பதைத் தாளிலேயே போடுங்கள். அந்த வரியை அவர் கிரெடிட்டாக எடுத்துக்கொள்வார், அவருக்குச் செலவில்லை. சொல்லாமல் விட்டால் பில்லில் 7,080 என்று பார்த்ததும் முகம் மாறும்.

இனி அந்தத் தாள். ஒரே பக்கம். மேலே கடைப் பெயர், தேதி. அதன் கீழ் அந்த ஏழு பில்: சப்ளையர் பெயர், பில் எண், தேதி, வரித் தொகை, ஏன் வரவில்லை என்று இரண்டு வார்த்தை. "எண் தவறு", "தாக்கல் இல்லை" என்கிற மாதிரி. கூட்டுத் தொகை 34,000. அதற்குக் கீழே ஒரு வரி: "தாமதமாக வந்து சேர்ந்தவை 22 பில், நட்டம் இல்லை. காலம் கடந்தவை 2 பில், 9,000." இந்த வரியை விட்டுவிடத் தோன்றும், விடாதீர்கள். நட்டமில்லாததை நட்டமில்லை என்று நீங்களே எழுதியிருப்பதைப் பார்த்த பிறகுதான் மற்ற எண்களை அவர் நம்புவார்.

பக்கத்தின் கீழ்ப்பாதியில் இரண்டு கட்டம். இடது பக்கம் "இப்போது நடப்பது, 2,500", வலது பக்கம் "இதையும் சேர்த்தால், 6,000". வலப்பக்கத்தில் அந்த நான்கு வேலை, தேதியோடு. கோல்டு, பிளாட்டினம் என்று பெயர் வைத்திருந்தால் இந்தத் தாளில் அது வேண்டாம். கேபிள் டிவி ஏஜென்ட் வந்து நிற்கிற மாதிரி ஆகிவிடும். நடுவில் 4,000 ரூபாய்க்கு ஒரு கட்டம் போட்டு, அது மட்டமாகத் தெரிகிற மாதிரி வைத்து ஆளை மேலே தள்ளுகிற வித்தையும் வேண்டாம். அவர் ஒரே பொருளுக்கு மூன்று விலை சொல்லி விற்கிற வியாபாரி. உங்கள் வித்தை அவருக்கு உங்களுக்கு முன்பே தெரியும்.

எப்போது போவது என்பதற்கு உங்கள் காலண்டரே பதில் சொல்லும். பத்தாம் தேதியிலிருந்து இருபது வரை வேண்டாம், அந்த நாட்களில் உங்களிடமிருந்து போன் வந்தாலே "என்ன விட்டுப்போச்சு?" என்றுதான் எடுப்பார். நோட்டீஸ் ஏதாவது வந்து அவர் கலங்கியிருக்கிற வாரம் கண்டிப்பாக வேண்டாம். அன்றைக்கு எதற்கும் சரி என்பார், நான்கு மாதம் கழித்து அந்தச் சரிக்கு வருத்தப்படுவார். உங்கள் மாதச் சம்பளத்தை வாங்கப் போகிற அன்றும் வேண்டாம். இருபத்திரண்டு, இருபத்து மூன்று தேதி வாக்கில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கூட்டம் குறைந்த நேரம் பார்த்து, கடையில் ஆள் இல்லாத மூலையாக உட்காருங்கள். கடைப் பையன் பில் விட்ட விஷயம் பேச்சில் வரும், அவன் காதில் விழக் கூடாது. வாட்ஸ்அப்பில் விலைப்பட்டியலை அனுப்பி "பாருங்கண்ணா" என்று போடுவதைத் தவிருங்கள். விலை மட்டும்தான் படிப்பார், ஏழு பில்லைப் படிக்க மாட்டார்.

முதல் நாளே சொல்லிவிட்டுப் போங்கள்: "அண்ணா, ஆறு மாசத்துக் கணக்கை ஒரு தடவை முழுசா பார்த்தேன். ஒரு பத்து நிமிசம் வேணும். நம்ம பேக்கேஜ் பத்தியும் ஒண்ணு சொல்லணும்." கடைசி வாக்கியத்தை ஒளித்து வைத்துக்கொண்டு போய் உட்கார்ந்த பிறகு எடுக்கக் கூடாது. அதுதான் நெருக்குகிற மாதிரி ஆக்குவது.

போனதும் தாளைக் கொடுத்து ஏழு பில்லைப் படிக்க விடுங்கள். அவரே ஏதாவது சப்ளையர் பெயரைப் பார்த்து "இவனா? இவனுக்குப் போன வாரம்தானே கொடுத்தேன்" என்பார். சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. பிறகு இவ்வளவு போதும்:

"இந்த முப்பத்து நாலாயிரத்தை வாங்கப் பாக்கலாம்ணா, நவம்பர் வரைக்கும் நேரம் இருக்கு. நீங்களே இந்த ஏழு பேரைக் கூப்பிட்டுப் பேசலாம், பில் நம்பர் எல்லாம் இதுல இருக்கு. இது மாதிரி பட்டியல் ஒவ்வொரு மாசமும் பதினாறாம் தேதி, நீங்க செக் போடறதுக்கு முன்னாடி வேணும்னா, பில் எல்லாம் நாங்களே ஏத்தணும். அதுக்குத்தான் ஆறாயிரம். கீழ எழுதியிருக்கு. இப்ப இருக்கற மாதிரியே போகட்டும்னாலும் சரிங்கண்ணா, ரிட்டர்ன் வழக்கம்போல போயிரும்."

அந்தக் கடைசி வாக்கியம் மரியாதைக்குச் சொல்வது அல்ல. வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வழி திறந்திருக்க வேண்டும். பழகியவரிடம் முகத்துக்கு நேராக வேண்டாம் என்று சொல்ல முடியாமல் திணறுவதைத்தான் நெருக்கடி என்று நாம் உணர்கிறோம். சொல்லி முடித்ததும் நிறுத்திக்கொள்ளுங்கள். அவர் தாளைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்கிற அரை நிமிடத்தில் "வேணும்னா குறைச்சுக்கலாம்ணா" என்று வாய் தானாக வரும். வந்தால் 6,000 சும்மா சொன்ன விலை என்று ஆகிவிடும். "தொந்தரவு பண்றதா நினைக்காதீங்க", "தப்பா எடுத்துக்காதீங்க" போன்ற முன்னுரைகளும் வேண்டாம். அவருக்குத் தோன்றாத எண்ணத்தை நீங்களே கொடுத்த மாதிரி ஆகும்.

"பாக்கலாம் அம்மிணி" என்பார். உங்கள் ஊர்ப் பக்கத்தில் அதற்குப் பல அர்த்தம் உண்டு. "பாக்கலாம்" என்றுவிட்டுத் தாளை மடித்துச் சட்டைப் பையிலோ பில் புத்தகத்திலோ வைத்தால் யோசிக்கிறார். ஏதாவது சந்தேகம் கேட்டால், குறிப்பாக "பில்லை எப்படி அனுப்பணும்?" என்று கேட்டால், பாதி ஒத்துக்கொண்டார். தாளைத் திருப்பி உங்களிடமே நீட்டினால் வேண்டாம் என்று அர்த்தம்; வாங்கிக்கொண்டு டீயைக் குடித்துவிட்டு வாருங்கள். முதல் இரண்டுக்கும் ஒரு வாரம் விட்டு ஒரே ஒரு செய்தி: "அண்ணா, அந்த ஏழு பில்லுல ரெண்டு இந்த மாசம் வந்துருச்சு. மீதி அஞ்சு. பேக்கேஜ் விஷயம் பிப்ரவரி முதல் தேதிக்குள்ள சொன்னா அந்த மாசத்துல இருந்தே ஆரம்பிக்கலாம், இல்லைன்னா ஏப்ரல்ல பாத்துக்கலாம்." அவ்வளவுதான். அதற்குப் பிறகு நீங்களாக எடுக்கக் கூடாது. கணக்கில் ஏதாவது புதிதாக மாறினால் மட்டும், உதாரணமாக ஐந்து கோடி தாண்டினால், அந்த மாற்றத்தைச் சொல்லும்போது மறுபடி ஒரு வார்த்தை சொல்லலாம்.

பேரம் பேசினால் விலையைக் குறைக்காமல் வேலையைக் குறையுங்கள். "நாலாயிரத்துக்குப் பண்ணிக் கொடு" என்றால், "பில்லைக் கடையிலேயே ஏத்திக் கொடுத்துருங்கண்ணா, பட்டியல் மட்டும் நாலாயிரத்துக்குத் தர்றேன்" என்று சொல்ல முடியும். ஐந்தரை மணி நேரம் கழிகிறது, கணக்கு சரியாக வரும். முதல் மாதம் இலவசம் என்று எடுத்துக்கொடுக்காதீர்கள். விட்டுப்போன பழைய பில்களையெல்லாம் பிடித்து ஏற்றுகிற முதல் மாதம்தான் உங்களுக்கு அதிக வேலை. தயங்கினால் மூன்று மாதம் பார்க்கலாம் என்று சொல்லுங்கள். மூன்றாவது மாத முடிவில் எத்தனை பில் பிடித்தோம், எத்தனை திருத்தினோம் என்று அதே மாதிரி ஒரு தாள். பயன் இல்லையென்றால் 2,500-க்குத் திரும்பிவிடலாம்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டால், நீங்கள் இப்போது சும்மா செய்துகொண்டிருக்கிற பில் பதிவுக்கு ஒரு முடிவு கட்ட வேண்டும். அதைப் பழிவாங்குகிற மாதிரி மறுநாளே நிறுத்தக் கூடாது. ஏப்ரலில் எல்லாக் கிளையன்ட்டுக்கும் சேர்த்து ஒரே அறிவிப்பாக, தாக்கல் பேக்கேஜில் பதிவு வேலை இல்லை, கடையில் ஏற்றி வந்த கணக்கை வைத்துத்தான் தாக்கல் என்று அனுப்புங்கள். பேக்கேஜ் பேசுகிறபோது இதைச் சொல்லி மிரட்ட வேண்டாம். ஆனால் "இதே 2,500 அப்படியே இருக்குமா?" என்று அவரே கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்: "விலை இருக்கும்ணா. போட்டோ அனுப்பினா ஏத்தறது மட்டும் ஏப்ரல்ல இருந்து எல்லாருக்கும் நிறுத்தறோம்."

சரி என்று சொன்னால், முதல் மாதம் ஒரே ஒரு இடத்தில்தான் உடையும்: பில் வந்து சேர்கிற தேதி. 16-ஆம் தேதி பட்டியல் தர வேண்டுமென்றால் முந்தைய மாத பில் முழுவதும் ஐந்தாம் தேதிக்குள் உங்களிடம் இருக்க வேண்டும்; பதினேழாம் தேதி மஞ்சப்பையில் வந்தால் அந்த மாதப் பட்டியல் இல்லை. அதனால் வாரம் ஒருமுறை, சனிக்கிழமை, உங்கள் உதவியாளரே கடைக்குப் போய் பில்களை அங்கேயே ஸ்கேன் செய்து, எத்தனை பில் என்று கடைப் பையனிடம் எண்ணிக்கைக்குக் கையெழுத்து வாங்கி வரட்டும். "அந்த பில்லை அன்னிக்கே கொடுத்தனே" என்கிற பேச்சு இரண்டாவது மாதம் நிச்சயம் வரும், அந்த நோட்டு அப்போது கையில் இருக்க வேண்டும்.